ஒரே பில் இரண்டு தலைப்பில் ஏறியிருக்கிறது, எங்கே தவறு?

பட்டறைக்காரர்:
வணக்கம். எங்களுடையது சின்னப் பட்டறை. பில்களை ஸ்கேன் செய்து, தேதி, கடைப் பெயர், தொகை மூன்றையும் ஷீட்டில் இறக்குகிறேன். அப்புறம் கடைப் பெயரை வைத்துக் கணக்குத் தலைப்பு தானாக விழும். பெயர் தெரியாததெல்லாம் சில்லறைச் செலவுக்குப் போகும்.

இந்த மாதம் ஷீட்டின் மொத்தம் 48,360. வங்கிக் கணக்கில் வெளியே போனது 41,910. 6,450 இடிக்கிறது. எழுதுபொருள் தலைப்பும் வழக்கத்தைவிடப் பல மடங்கு ஏறியிருக்கிறது. இரண்டு நாளாகத் தேடுகிறேன், பிடிபடவில்லை.

நடுநிசி:
எனக்கும் இப்படி ஆனது. ரொக்க பில்லில் மொத்தம் 437, நான் கொடுத்தது 500, மீதி 63. ஸ்கேன் 500ஐ எடுத்துக்கொண்டது. பில்லில் இருக்கும் பெரிய எண்ணைத்தான் அது மொத்தம் என்று நினைக்கிறது. எல்லா பில்லின் தொகையையும் ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள்.

பட்டறைக்காரர்:
பார்த்துவிட்டேன். தொகைகள் எல்லாம் சரியாகத்தான் படிக்கப்பட்டிருக்கின்றன.

பேரேடு:
வித்தியாசம் 6,450 என்றால் முதலில் அதே தொகையில் ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். B தேதி, D தொகை என்று வைத்துக்கொண்டால்:

```
=COUNTIFS(D:D,D2,B:B,">="&B2-2,B:B,"<="&B2+2)
```

1க்கு மேல் வரும் வரிகளை மட்டும் பாருங்கள். இரண்டு நாள் இடைவெளி விட்டதற்குக் காரணம், பில் ஒரு தேதியிலும் பணம் கட்டியது மறுநாளும் இருக்கலாம். ஒரே தொகைக்கு உண்மையிலேயே இரண்டு செலவும் நடந்திருக்கலாம், ஆகவே சீட்டைப் பார்க்காமல் அழித்துவிடாதீர்கள்.

பட்டறைக்காரர்:
கிடைத்துவிட்டது! பிரிண்டர் வாங்கிய பில், 6,450. கார்டு தேய்த்த சீட்டையும் சேர்த்து ஸ்கேன் செய்திருக்கிறேன். பில்லில் கடையின் பெயர், கார்டு சீட்டில் அவர்கள் நிறுவனத்தின் வேறொரு பெயர். அதனால் பில் எழுதுபொருளிலும், சீட்டு சில்லறைச் செலவிலும் ஏறிவிட்டன.

சில்லறை:
கார்டு சீட்டை இனிமேல் ஸ்கேனே செய்யாதீர்கள். வந்த கையோடு கிழித்துப் போட்டால் தொல்லை விட்டது.

பேரேடு:
தனி வரியாக ஏறக்கூடாது என்பது சரி. ஆனால் கிழிக்க வேண்டாம். எந்தக் கார்டில், என்று பணம் போனது என்பதற்கு அதுதான் சாட்சி. சில நேரம் பில் தொலைந்து சீட்டு மட்டுமே மிஞ்சும். பில்லின் பின்னால் பின் அடித்து வையுங்கள். பில் இல்லாத சீட்டு வந்தால் அனாமத்துக் கணக்கில் போட்டு, மாதத்தை மூடுவதற்குள் என்ன வாங்கினோம் என்று கேட்டு எடுத்துவிடுங்கள்.

அடுத்தது, அந்த பில்லில் என்னென்ன வரிகள் இருக்கின்றன?

பட்டறைக்காரர்:
பிரிண்டர் 5,200, காகிதம் 600, மை 400, கொண்டுவந்து தந்த கூலி 250.

பேரேடு:
கடைப் பெயரை வைத்துத் தலைப்பு போடுவதன் ஓட்டை இதுதான். ஒரே கடையில் இரண்டு ஜாதிப் பொருள் வாங்கினால் விதி உடைந்துவிடும். பில்லை வரி வரியாகப் பிரியுங்கள். காகிதமும் மையும் எழுதுபொருள், 1,000. பிரிண்டர் சில வருடம் உழைக்கும், அது சொத்து. காகிதமும் மையும் மட்டும் வாங்கியிருந்தால் கையிலேயே எடுத்து வந்திருப்பீர்கள் அல்லவா? அப்படியானால் கூலி பிரிண்டருக்காகக் கொடுத்தது. அதன் விலையோடு சேர்த்து 5,450 என்று எழுதுங்கள்.

இப்போது உங்கள் ஷீட்டில் 12,900 செலவாக நிற்கிறது. உண்மையான செலவு 1,000 மட்டும். தேய்மானம் போடுவதற்கு முன்பே இந்த மாத லாபம் 11,900 குறைவாகத் தெரிகிறது.

இரட்டை தேடும் வேலையைப் பிரிப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பிரித்த வரிகளில் D-யில் பில் மொத்தம் திரும்பத் திரும்ப வரும், எல்லாமே இரட்டையாகத் தெரியும். பிரித்த பிறகு மாத மொத்தத்தையும் வரித்தொகையில்தான் கூட்ட வேண்டும். A-யில் பில் எண், E-யில் வரித்தொகை வைத்தால் இது 0 வர வேண்டும்:

```
=ROUND(SUMIFS(E:E,A:A,A2)-D2,2)
```

சில்லறை:
சின்னத் தொழிலுக்கு 5,000 சொச்சத்துக்கெல்லாம் சொத்துக் கணக்கா? நான் நேரே செலவில் எழுதிவிடுவேன்.

பேரேடு:
எந்தத் தொகைக்கு மேல் சொத்து என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளலாம். அந்த வரம்பை அவருடைய ஆடிட்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு மாதம் ஒரு மாதிரி, அடுத்த மாதம் வேறு மாதிரி எழுதக்கூடாது.

பட்டறைக்காரர்:
பிரித்துவிட்டேன், 41,910 அப்படியே ஒத்துப்போகிறது. ஆடிட்டரிடம் வரம்பைக் கேட்கிறேன். போன மாத ஷீட்டிலும் அதே சூத்திரத்தை ஓட்டினேன், இன்னொரு கார்டு சீட்டு சில்லறைச் செலவில் இருக்கிறது. அந்த மாதத்தை மூடிவிட்டேனே, திரும்பத் திறக்கவா?

பேரேடு:
ஒரே கணக்கு வருடம்தானே? திறக்க வேண்டாம். இந்த மாதத் தேதியில் வங்கிக்குப் பற்று, சில்லறைச் செலவுக்கு வரவு என்று திருத்தப் பதிவு போட்டு, விவரத்தில் அந்தப் பழைய பில் எண்ணை எழுதிவிடுங்கள். அதற்கு முன் போன மாத வங்கி இருப்பு எப்படி ஒத்துப்போனது என்று பாருங்கள். வித்தியாசத்தை எங்காவது தள்ளி மூடியிருந்தால், வங்கிக்குப் பதில் அந்தத் தலைப்பைத்தான் திருத்த வேண்டியிருக்கும்.