ராக்கர்-போகி: 'இருதுலா' சரிவருமா?

வாணி: வணக்கம். ஆறு சக்கர ஊர்திகளின் உடலைச் சக்கரங்கள்மேல் தாங்கும் ராக்கர்-போகி அமைப்புக்கு, நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்க நல்ல தமிழ்ச் சொல் தேவை. 1997இல் செவ்வாயில் ஓடிய சோஜர்னர் முதல் சந்திரயான்-3இன் பிரக்யான் வரை இதே அமைப்புதான். 'ஆடுசட்டப் பெட்டித் தொங்கல்' என்று எழுதி வைத்திருக்கிறேன். பொருந்துமா?

மாணிக்கம்: பெட்டியை எடுத்துவிடுங்கள், அம்மா. பயணிகள்தான் ரயில் பெட்டியைப் போகி என்பார்கள். பணிமனையில் போகி என்றால் பெட்டிக்குக் கீழே இருக்கும் சக்கரச் சட்டம். அதில் சுருள்வில் உண்டு, ஆகவே 'வில்சட்டம்' என்று வைக்கலாம்.

இளங்கோ: பெட்டி பற்றி ஐயா சொன்னது சரி. ஆனால் வில் வேண்டாம், இந்த அமைப்பில் வில்லே கிடையாது. ஒவ்வொரு பக்கமும் ஒரு நீண்ட கை. அதன் ஒரு முனையில் தனிச் சக்கரம், மறுமுனையில் கீல் போட்ட குட்டைக் கை. குட்டைக் கையின் இரு முனையிலும் சக்கரங்கள்.

நீண்ட கை உடலோடு சேரும் அச்சு, தனிச் சக்கரத்திலிருந்து 40 செ.மீ., கீலிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். அந்தப் பக்கத்து எடையில் மூன்றில் இரண்டு பங்கு கீலுக்குப் போகும். குட்டைக் கை நடுவில் கீல் கொண்டதால் அதைச் சரிபாதியாகப் பிரிக்கும். மூன்று சக்கரத்திலும் ஒரே சுமை.

இப்போது நடுச் சக்கரம் 9 செ.மீ. கல்லில் ஏறுகிறது. கீல் 4.5 செ.மீ. உயரும், அச்சு 3 செ.மீ., உடலின் நடுப்பகுதி ஏறத்தாழ 1.5 செ.மீ.தான். வில் இருந்தால் கல்மேல் நிற்கும் சக்கரத்தில் சுமை கூடி, மற்றவை பிடி இழக்கும். இங்கே சுமை பெரிதாக மாறாது. அதனால் நெம்பும் கை பெயரிலேயே தெரிய வேண்டும்: பெருந்துலா, சிறுதுலா, மொத்தமாக 'இருதுலாத் தாங்கமைப்பு'.

நளினி: துலா என்றதும் தராசு நினைவுக்கு வருகிறதே, அதன் இரு கையும் சமம். அப்புறம் எங்கள் மாணவர்கள் செய்த ஊர்தி, படியில் முன்சக்கரம் முட்டியதுமே உடல் மூக்குக் குப்புறச் சாய்ந்துவிடுகிறது. அச்சுத் தாங்கிகளை இறுக்கியும் பலனில்லை. வேகத்தாலா?

இளங்கோ: தராசு அல்ல, ஏற்றத்துத் துலாவை நினையுங்கள், அதன் கைகள் சமமில்லை. உங்கள் ஊர்தியில் இடக்கையையும் வலக்கையையும் இணைத்திருக்கிறீர்களா? இணைப்பு இல்லையென்றால் உடலின் சாய்வைத் தடுக்க எதுவுமே இல்லை, அச்சில் தாராளமாகச் சுழலும். செவ்வாய் ஊர்தி கியூரியாசிட்டியின் மேல்தளத்தில் குறுக்கே ஒரு கோல் இருக்கிறதே, அதுதான் அந்த இணைப்பு. ஒரு கை மேலே போனால் மறு கையைக் கீழே தள்ளி, உடலை இரண்டின் சராசரிச் சாய்வில் நிறுத்தும். அதைச் 'சமன்கோல்' எனலாம். வேகமும் ஒரு காரணம்தான், வில் இல்லாததால் அதிர்ச்சி நேராக உடலுக்குப் போகும். ஆனால் முதலில் இணைப்பைப் பாருங்கள்.

நளினி: இணைப்பு இல்லை. இரண்டு கையும் தனித்தனியாக ஆடுகின்றன.

மாணிக்கம்: பல்சக்கரம் வைத்தும் அதைச் செய்வார்களே. அப்போது கோல் எங்கே?

வாணி: 'இருதுலாத் தாங்கமைப்பு' பட்டியலில் ஏறுகிறது. பல்சக்கர வகைக்கும் பொருந்தும் சொல் கிடைக்கும்வரை 'சமன்கோல்' பக்கத்தில் கேள்விக்குறி இருக்கட்டும்.