விடிய விடிய எடுத்த கூத்துப் பதிவில் சிவப்பு, நீலப் புள்ளிகள்: நீக்க வழி உண்டா?

தெற்குவாசல்
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்த் திருவிழாவில் விடிய விடிய நடந்த தெருக்கூத்தைப் பதிவு செய்தேன். முதல் முக்கால் மணி நேரம் படம் சுத்தமாக இருக்கிறது. அதன் பிறகு இருட்டான இடங்களில் எல்லாம் சிவப்பும் நீலமும் வெள்ளையுமாகப் புள்ளிகள் தெரிகின்றன. கட்டியக்காரரின் தொப்பிமேல் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. அவர் நகர்ந்து போன பிறகும் அது அந்தரத்தில் அப்படியே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை குழுவினரிடம் கொடுக்க வேண்டும். எப்படி நீக்குவது?

முக்காலி
எந்த வகைக் கேமரா, ஐ.எஸ்.ஓ. எவ்வளவு, ஷட்டர் எவ்வளவு, இடையில் அணைத்தீர்களா என்று எதையுமே சொல்லவில்லையே. இவை தெரியாமல் என்ன சொல்வது?

நெல்லிக்காய்
எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியிலும் இப்படி ஒரு பச்சைப் புள்ளி நகராமல் நின்றது. மெல்லிய துணியை வைத்து மெதுவாக அழுத்தித் தேய்த்ததில் இரண்டு நாளில் மறைந்தது. முயன்று பாருங்கள்.

பழைய ரீல்
முதல் முக்கால் மணி நேரம் சுத்தமாக இருந்தது என்று அவர் தெளிவாக எழுதியிருக்கிறார். திரையில் கோளாறு என்றால் முதல் நொடியிலிருந்தே தெரிந்திருக்கும். கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் எழுதும் வழக்கம் இங்கே குறைந்துகொண்டே போகிறது. இது சென்சார் சூட்டினால் வரும் ஹாட் பிக்சல். ஒளியே படாவிட்டாலும் ஒவ்வொரு பிக்சலிலும் சிறிது மின்னோட்டம் கசியும். சென்சார் ஆறிலிருந்து எட்டு டிகிரி சூடேறினால் அந்தக் கசிவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். இயல்பிலேயே அதிகம் கசிகிற பிக்சல்கள்தாம் முதலில் கண்ணில் படுகின்றன.

தெற்குவாசல்
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமரா, 4K 25p, 8 பிட், ஐ.எஸ்.ஓ. 6400, ஷட்டர் 1/25, கூடவே வந்த ஜூம் லென்ஸில் f/5.6. முக்காலியில் வைத்து, கார்டு மாற்றும்போது தவிர அணைக்கவே இல்லை. திரையை உடம்போடு ஒட்டி மடித்துத்தான் வைத்திருந்தேன்.

சாமக்கோடங்கி
ஷட்டரில்தான் தவறு, தம்பி. 1/25-ல் பிக்சல் இரண்டு மடங்கு நேரம் கசிகிறது. அடுத்த முறை 1/50 வைத்தால் புள்ளி பாதியாகிவிடும். இப்போதைக்கு எடிட்டிங்கில் டெம்போரல் நாய்ஸ் ரிடக்‌ஷனைக் கூட்டி வையுங்கள், போய்விடும்.

முக்காலி
அண்ணா, பாதி சரி. 1/50 வைத்தால் புள்ளி பாதியாகும், ஆனால் கூத்தாடியின் முகத்தில் விழும் வெளிச்சமும் பாதியாகத்தானே பதிவாகும்? அதை ஈடுகட்ட ஐ.எஸ்.ஓ.வை 12800 ஆக்கினால் புள்ளி பழைய பிரகாசத்துக்கே வந்துவிடும். படத்தோடு ஒப்பிட்டால் லாபம் எதுவும் இல்லை. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தைக் கூட்டினால்தான் பயன்: f/5.6-க்குப் பதில் f/1.8 லென்ஸ் இருந்திருந்தால் ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சம் கிடைத்து, ஐ.எஸ்.ஓ. 640-லேயே வேலை முடிந்திருக்கும். அதே சூட்டிலும் புள்ளிகள் பெரும்பாலும் இருட்டில் அமிழ்ந்திருக்கும்.

டெம்போரல் முறையும் இதற்கு உதவாது. அது ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் இடையே மாறுவதை நாய்ஸ் என்றும், மாறாமல் நிற்பதைப் படம் என்றும் எடுத்துக்கொள்கிறது. இந்தப் புள்ளியோ ஆணி அடித்தது போல நிற்கிறது. சுற்றியுள்ள குருணையை எல்லாம் துடைத்துவிட்டு, புள்ளியை மட்டும் இன்னும் பளிச்சென்று காட்டும்.

சாமக்கோடங்கி
நான் இரவு வானத்தைப் படம் எடுக்கும்போது கேமராவிலுள்ள லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்தான் புள்ளிகளை எடுக்கிறது. அதைப் போட்டிருக்கலாமே?

பழைய ரீல்
அது ஒரு படம் எடுத்ததும் அதே அளவு நேரம் ஷட்டரை மூடி இன்னொன்றை எடுத்துக் கழிக்கிற முறை. நொடிக்கு 25 படம் எடுக்கிற வீடியோவில் அதற்கு ஏது இடைவெளி? மெனுவில் பிக்சல் ரீமேப்பிங் இருக்கும். கேமரா சூடாக இருக்கும்போதே அதை ஓட்டினால் கெட்ட பிக்சல்களைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை பக்கத்துப் பிக்சல்களை வைத்து நிரப்பிவிடும்.

முக்காலி
சூடாக இருக்கும்போதா? ஒலிம்பஸ் கையேடு, படம் எடுத்து முடித்து ஒரு நிமிடமாவது பொறுத்த பிறகே ஓட்டச் சொல்கிறது.

பழைய ரீல்
கையேடு ஃபோட்டோ எடுப்பவர்களுக்காக எழுதப்பட்டது. ஆறின சென்சாரில் ஓட்டினால், சூட்டில் மட்டும் தலைகாட்டுகிற பிக்சலை அது எப்படிக் கண்டுபிடிக்கும்?

முக்காலி
அளவுக்கு மீறிய சூட்டில் ஓட்டினால் நல்ல பிக்சல்களையும் சேர்த்து அடைத்துவிடாதா? இதில் நமக்குள் ஒத்துப்போகாது, விடுங்கள். எப்படி ஓட்டினாலும் ஏற்கெனவே எடுத்த பதிவுக்கு அது உதவப்போவதில்லை.

தெற்குவாசல், ஞாயிற்றுக்கிழமைக்கு இதைச் செய்யுங்கள். லென்ஸை மூடி, அதே ஐ.எஸ்.ஓ., அதே ஷட்டர், அதே 4K-யில், திரையையும் அன்று போலவே மடித்து வைத்து, ஒரு மணி நேரம் பதிவை ஓடவிடுங்கள். கேமரா அன்று இருந்த அளவு சூடானதும் 15 நொடி தனியாகப் பதியுங்கள். அதில் தெரிவது புள்ளிகள் மட்டும்தான். 64 ஃபிரேம்களைச் சராசரியாக்கினால் குருணை அடங்கி, புள்ளிகள் தெளிவாக நிற்கும். பிறகு புள்ளிகள் வெள்ளையாகவும் மற்றவை கறுப்பாகவும் ஒரு முகமூடிப் படம் தயாரித்து, அந்த இடங்களைச் சுற்றுப்புறத்தைக் கொண்டு நிரப்பச் சொல்லலாம். சேனல் முத்திரைகளை அழிக்க எழுதிய ஃபில்டர் இதற்கும் பொருந்துகிறது.

```
ffmpeg -i cap.mp4 -vf "tmix=frames=64,select=eq(n\,200)" -frames:v 1 dark.png
magick dark.png -colorspace gray -threshold 12% -morphology Dilate Square:1 mask.png
ffmpeg -i koothu.mp4 -vf removelogo=mask.png -crf 14 -c:a copy out.mp4
```

முகமூடியைக் கடைசியில் ஒரு பிக்சல் சுற்றளவு விரிப்பதற்குக் காரணம் உண்டு: சென்சாரில் ஒரே பிக்சலாக இருப்பது, நிறம் சேர்த்து, சுருக்கி, கார்டில் ஏறும்போது சிறு சிலுவை போலப் பக்கத்துப் பிக்சல்களிலும் படர்ந்துவிடுகிறது. லென்ஸ் மூடிய படத்தை நேராகக் கழித்தால் தழும்பு மிஞ்சுவதும் இதனால்தான்.

நெல்லிக்காய்
உடம்பிலேயே ஸ்டெபிலைசர் உள்ள கேமராவில் சென்சார் ஆடுமே, புள்ளி இடம் மாறாதா?

முக்காலி
சென்சாரோடு பிக்சலும் சேர்ந்துதானே ஆடுகிறது, கோப்பில் அதன் இடம் மாறாது. மென்பொருளில் நிலைப்படுத்தினாலோ ஓரம் வெட்டினாலோதான் மாறும். ஆகவே கார்டிலிருந்து எடுத்த மூலக்கோப்பில்தான் இதை ஓட்ட வேண்டும்.

தெற்குவாசல்
செய்துவிட்டேன். சிவப்பும் வெள்ளையும் சுத்தமாகப் போய்விட்டன. நீலப் புள்ளிகள் மட்டும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. அளவை 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்ததும் திரை முழுக்க மங்கிவிட்டது.

முக்காலி
தவறு என்னுடையது. சாம்பல் நிறமாக மாற்றும்போது நீலத்துக்கு மிகக் குறைந்த பங்கே கிடைக்கும். பளிச்சென்ற நீலப் புள்ளியும் 12 சதவீதத்தைத் தாண்டாமல் நழுவிவிடுகிறது. அளவைக் குறைத்தால் சாதாரணக் குருணையும் முகமூடிக்குள் வந்துவிடும், மங்கலுக்கு அதுதான் காரணம். மூன்று நிறங்களில் எது அதிகமோ அதை எடுக்கச் சொல்லுங்கள்.

```
magick dark.png -separate -evaluate-sequence Max -threshold 12% -morphology Dilate Square:1 mask.png
```

புள்ளி தெரியாத முதல் முக்கால் மணி நேரத்துக்கு இதை ஓட்ட வேண்டாம், வீணாக மென்மையாகும். அடுத்த கூத்துக்குத் திரையை உடம்பிலிருந்து விலக்கித் திறந்தே வையுங்கள். இடைவேளையில் கேமராவை அணைத்துவிடுங்கள்; பதிவை நிறுத்திவிட்டுச் சும்மா வைத்திருந்தாலும் சென்சார் வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

தெற்குவாசல்
நீலமும் போய்விட்டது, நன்றி ஐயா. ஓரிடத்தில் கிரீடத்துக் கண்ணாடித் துண்டின் மினுக்கும் சேர்ந்து மங்கியிருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

சாமக்கோடங்கி
என்னிடம் 10 பிட் லாக் பதிவு இருக்கிறது. இதே கட்டளையை ஓட்டினால் கோப்பு 8 பிட்டாக வருகிறது. வேறு வழி உண்டா?