புதுப்பிப்பு: கைகர் குழாயில் காணாமல் போன 31

கதிர்வீச்சுத் துகள்களை எண்ணும் எங்கள் கைகர் குழாயைப் பற்றி முன்பு கேட்டிருந்தோம்: “ஒரு கதிரியக்க சோர்ஸ் வைத்தால் விநாடிக்கு 400 எண்ணிக்கை. இன்னொன்று தனியாக வைத்தாலும் 400. சேர்த்து வைத்தால் 769தான். மீதி எங்கே?”

ஒவ்வொரு பதிவுக்குப் பிறகும் குழாயின் மின்னிறக்கத்தை அணைக்கும் குவென்ச் வாயு தீர்ந்திருக்கும் என்றார் ஒருவர். வாயு தேய்வது உண்மைதான், ஆனால் தனித்தனியாக 400 சரியாக வருகிறதே! விடை எங்கள் பெங்களூரு ஆய்வக அண்ணனிடம் கிடைத்தது. துகள் நுழைந்ததும் வாயுவிலிருந்து பிரியும் எலக்ட்ரான்கள் சட்டென்று குழாயின் நடுவிலுள்ள கம்பியை அடைந்துவிடும். கனமான நேர் அயனிகள் மெதுவாகவே விலகும். அவை கம்பியைச் சூழ்ந்திருக்கும்வரை மின்புலம் தளர்ந்திருப்பதால் அடுத்த துகள் பதிவாகாது. அதுதான் செயலற்ற நேரம்.

கணக்கு: (400+400−769) ÷ (2×400×400), ஏறக்குறைய 97 மைக்ரோவிநாடி. அப்படியானால் எவ்வளவு வலுவான சோர்ஸ் வைத்தாலும் விநாடிக்குப் பத்தாயிரத்தை ஒட்டியே நிற்க வேண்டும். ஆனால் செயலற்ற நேரத்தில் வரும் துகளும் அதை நீட்டித்தால் எண்ணிக்கை உச்சம் தொட்டு இறங்கும், ஆபத்தான இடத்தில் மீட்டர் குறைவாகக் காட்டும். எங்கள் குழாய் எந்த வகை என்று இன்னும் தெரியவில்லை.

மும்பையில் எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கும் அக்கா, தன் மீட்டர் பழுதா என்று கேட்டிருந்தார். கதிர் துடிப்புகளாக வந்தால் ஒரு துடிப்புக்கு ஒரு எண்ணிக்கைதான் பதியலாம். அங்கே தனித்தனியாக எண்ணாமல் மொத்த மின்னோட்டத்தை அளக்கும் அயனி அறை வகை மீட்டர்தான் பொருத்தம் அக்கா.