‘கால் டு ஆக்‌ஷன்’ பொத்தானுக்குத் தமிழில் என்ன?

சரவணன்:
பினாங்கு லிட்டில் இந்தியா கடைக்காரர்களுக்காக ஃபேஸ்புக் விளம்பரக் கையேடு ஒன்று எழுதுகிறேன். ‘கால் டு ஆக்‌ஷன்’ என்ற, விளம்பரம் பார்ப்பவரை அடுத்து ஒன்றைச் செய்யச் சொல்லும் பொத்தானுக்குச் ‘செயலழைப்பு’ என்று போட்டேன். படித்த ஒருவர், “அதைத் தட்டினால் எங்களுக்குப் போன் வருமா?” என்கிறார். Call Now என்று தனிப் பொத்தானே இருப்பதால் குழப்பம் தீரவில்லை.

கோமதி:
‘ஏவல் பொத்தான்’ எப்படி? ‘வாங்கு’, ‘பார்’ எல்லாம் ஏவல் வினைதானே.

மாரி:
ஏவல், பில்லி, சூனியம் எல்லாம் நினைவுக்கு வருகிறதே அக்கா!

தேவி:
பெயர் எதுவானாலும் Shop Now வையுங்கள். வாங்கச் சொன்னால்தான் வாங்குவார்கள்.

முகிலன்:
கூடையில் பொருளைப் போட்டுவிட்டு விட்டுப்போனவருக்குத் தேவி சொல்வது சரி. கடைப் பெயரையே கேட்டிராதவருக்குப் பொருந்தாது. பட்டர்வொர்த்தில் ஒரு முறுக்குக் கடைக்குத் தீபாவளி விளம்பரம் பார்த்துக் கொடுத்தேன். அவர்கள் முதலில் எல்லாருக்கும் Shop Now-தான் வைத்திருந்தார்கள். கிளிக் நிறைய வந்தது, ஆனால் கூடையில் போட்டவர் அரிது. இன்பாக்ஸில் மட்டும் “என்ன விலை? ஜோகூருக்கு அனுப்புவீர்களா?” என்று கேள்விகள். வாங்கும் கட்டத்துக்கே வராதவர்களை நேராகக் கல்லாவுக்கு இழுத்திருக்கிறோம் என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

அப்புறம் புதியவர்களுக்கு Learn More வைத்து, தலைப்பில் “கைமுறுக்கு, ஐந்து வகை, விலையோடு” என்று எழுதினோம். அந்தப் பொத்தான் விலைப்பட்டியல் பக்கத்துக்கே போகவேண்டும், முகப்புக்கு அல்ல. தளத்துக்கு வந்து வாங்காமல் போனவர்களுக்குத்தான் Shop Now. அதன் தலைப்பு: “தீபாவளிக்கு முன் வீடு சேர, வெள்ளிக்குள் ஆர்டர் செய்யுங்கள்”. ஏற்கெனவே வாங்கியவர்களை அதிலிருந்து விலக்கிவிட்டோம்.

ஓடுகிற விளம்பரத்தில் பொத்தானை மட்டும் மாற்றாதீர்கள். விளம்பரத்தை யாருக்குக் காட்டினால் பலன் வரும் என்று ஃபேஸ்புக் பழகிக்கொள்ளும் கற்றல் கட்டம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். புதியவர்களுக்கு ஒன்று, வந்துபோனவர்களுக்கு ஒன்று எனத் தனித்தனி விளம்பரத் தொகுதியாகப் போடுங்கள். அதற்குமேல் பிரிக்க வேண்டாம். ஒரு தொகுதி கற்று முடிக்க வாரத்துக்குச் சுமார் 50 விளைவுகள் வேண்டும், சின்ன பட்ஜெட் அதற்குத் தாங்காது.

ராஜம்:
என் டியூஷன் விளம்பரப் பொத்தான் ஒருவர் போனில் மலாயிலும் இன்னொருவர் போனில் தமிழிலும் வருகிறது. யாராவது கணக்கில் புகுந்துவிட்டார்களா?

முகிலன்:
இல்லை அக்கா. பார்ப்பவர் ஃபேஸ்புக்கை எந்த மொழியில் வைத்திருக்கிறாரோ அந்த மொழியில் வரும். பொத்தானில் நம் சொல்லை எழுத முடியாது, மெட்டா தரும் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான். நம் தமிழுக்கு இடம் தலைப்பில்தான். கலைச்சொல்லுக்கு ‘அடுத்தபடிப் பொத்தான்’ என்கிறேன். விலை பார்ப்பதோ காசு கட்டுவதோ, அவரவர் நிற்கும் இடத்துக்கு அடுத்த படி எது என்று கடைக்காரரை யோசிக்க வைக்கும்.

கோமதி:
பொருள் நன்று, நீளம்தான் இடிக்கிறது. பொத்தான் இல்லாமல் வாசகமாக மட்டும் வரும்போது என்ன சொல்வது?

சரவணன்:
கையேட்டில் இப்போதைக்கு ‘அடுத்தபடிப் பொத்தான்’ என்றே போடுகிறேன். வாசகத்துக்கு யாராவது சொல் தாருங்கள்.

தேவி:
நான் Shop Now-ஐ விடுவதாக இல்லை. என்னிடம் வாங்குவது பழைய வாடிக்கையாளர்கள்தானே!