மன்னவனூர்க் குளிருக்கு எந்தப் பாய்?

*அக்கா, இரவு 8:10*
ஜனவரியில் மன்னவனூரில் தெரிந்தவர் ஒருவரின் கேரட் தோட்டத்தில் மறுபடியும் கூடாரம் போடுகிறோம். சென்ற முறை, பூஜ்யம் டிகிரி வரை தாங்கும் என்று எழுதியிருந்த ஸ்லீப்பிங் பேக்கில் படுத்தும் விடியற்காலை மூன்று மணிக்கு விறைத்து எழுந்தேன். அதைவிடக் கனமான பை வாங்க வேண்டுமா, மாமா?

*பூம்பாறை மாமா, 8:14*
உடம்பின் எந்தப் பக்கம் குளிர்ந்தது?

*அக்கா, 8:15*
முதுகும் இடுப்பும்தான். நெஞ்சுப் பக்கம் கதகதப்பாகவே இருந்தது.

*பூம்பாறை மாமா, 8:21*
அப்படியானால் பையின் மீது குற்றமில்லை. நீ படுத்ததும் உன் எடையில் அடிப்பக்கத்துப் பஞ்சு நசுங்கி, குளிரைத் தடுக்கும் காற்று அதிலிருந்து வெளியேறிவிடுகிறது. அதன் பிறகு தரைக்கும் உனக்கும் நடுவே இருப்பது பாய் ஒன்றுதான். ஆகவே உடம்புச் சூடு தரைக்குப் போகாமல் பாய் எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் எண்ணான ஆர் மதிப்பைப் பார்த்து வாங்கு. அது கூடினால் கதகதப்பும் கூடும்.

*தம்பி, 8:24*
தடிமனாக இருந்தால் போதுமே, மாமா. என்னிடம் பத்து சென்டிமீட்டர் காற்று மெத்தை இருக்கிறது.

*பூம்பாறை மாமா, 8:33*
ஃபோம் பாய்க்கு நீ சொல்வது ஏறக்குறைய சரி. ஆனால் உள்ளே பஞ்சோ வெப்பத்தைத் திருப்பும் படலமோ இல்லாத காற்று மெத்தையில், உடம்புச் சூட்டை வாங்கிய காற்று உள்ளுக்குள்ளேயே சுழன்று அதைத் தரையிடம் கொடுத்துவிடுவதால், எவ்வளவு உயரமாக இருந்தாலும் ஆர் மதிப்பு ஒன்றை ஒட்டியே நிற்கும். சாதாரண மடிப்பு ஃபோம் பாய்க்கே சுமார் இரண்டு உண்டு. உறைபனி விழும் தரைக்கு நான் நான்குக்குக் குறைந்து போக மாட்டேன்.

*பெரியம்மா, 8:36*
கோரைப்பாயின் மேல் இரண்டு கம்பளி விரித்தால் ஆகாதா? என் முழங்கால் வலிக்கு நான் அப்படித்தான் படுக்கிறேன்.

*பூம்பாறை மாமா, 8:40*
வீட்டுத் தரைக்குப் போதும், அக்கா. ஈரப் புல்லின் மேல் கம்பளியும் நசுங்கிவிடும்.

*அக்கா, 8:44*
என்னிடம் இரண்டு என்று போட்ட ஃபோம் பாய் இருக்கிறது. நான்கு என்று போட்ட புதுப் பாயின் விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது.

*பூம்பாறை மாமா, 8:52*
ஆர் மதிப்புகளைக் கூட்டிக்கொள்ளலாம் என்பதுதான் இதில் வசதி. இரண்டரை மதிப்புள்ள, உள்ளே பஞ்சு வைத்த காற்றுப் பாய் ஒன்றை வாங்கி இதனுடன் சேர்த்தால் நாலரை ஆகிவிடும். விவரத்தில் ASTM F3340 என்ற சோதனையின் பெயர் இருக்கிறதா என்று பார். அது இருந்தால்தான் ஒரு பாயை இன்னொன்றுடன் ஒப்பிட முடியும். ‘மைனஸ் பத்து வரை’ என்று மட்டும் போட்டிருந்தால் அதை நம்பி வாங்காதே. இன்னொன்று, மாலையில் ஊதிய காற்று இரவுக் குளிரில் சுருங்கும். படுக்கப் போகும் முன் இரண்டு மூச்சு சேர்த்து ஊதாவிட்டால் இடுப்பு தரையைத் தொடும், அந்த இடத்தில் மதிப்பு ஒன்றுமே இருக்காது.

*தம்பி, 8:55*
ஃபோம் மேலேயா, கீழேயா?

*பூம்பாறை மாமா, 8:58*
முள் குத்தாமலிருக்க நான் கீழே போடுவேன். மேலே போட்டால்தான் கதகதப்பு என்று என்னுடன் வருகிறவர்கள் சாதிப்பார்கள். கூட்டுத்தொகை என்னவோ ஒன்றுதான்.

*அக்கா, 9:02*
முதல் இரவு மேலே, மறுநாள் கீழே போட்டுப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.