கணிதத் தேர்வு மட்டும்தான் தள்ளிப்போனது. அறிவியல் தேர்வுக்கு ஒன்பது பேர் வரவில்லை. அறிவிப்பை எப்படி எழுதுவது?

வகுப்பாசிரியை (வியாழன், மாலை 4.50)

பத்தாம் வகுப்பு, 38 பிள்ளைகள். இந்த வாரம் இரண்டாம் இடைத் தேர்வு நடக்கிறது. தமிழும் ஆங்கிலமும் முடிந்துவிட்டன. புதன்கிழமை, 12-ஆம் தேதி, கணிதம் நடக்க வேண்டியது. செவ்வாய் இரவு மழை விடுமுறை அறிவித்தார்கள். தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டு இரவு 9.40-க்கு வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் இப்படிப் போட்டேன்:

"நாளை நடைபெற இருந்த தேர்வு மழை காரணமாக ஒத்திவைக்கப்படுகிறது. இத்தேர்வு திங்கட்கிழமை நடைபெறும். மற்ற தேர்வுகளில் மாற்றம் இல்லை."

இன்று காலை அறிவியல் தேர்வுக்கு 29 பேர்தான் வந்தார்கள். அவர்களிலும் நான்கு பேர் கணிதம் படித்துவிட்டு வந்திருந்தார்கள். ஒரு பெண் கவராயம், கோணமானி, சீவிய பென்சில் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வினாத்தாளைப் பார்த்ததும் அவள் கண் கலங்கியதை என்னால் மறக்க முடியவில்லை.

நாளை சமூக அறிவியல், திங்கள் கணிதம். வராத ஒன்பது பேருக்கும் செவ்வாய்க்கிழமை அறிவியல் வைக்கலாம் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். இன்று இரவே பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். என் அறிவிப்பில் எது தவறு? எப்படி எழுதினால் குழப்பம் வராது?

கணினி ஆசிரியர்

நீளமாக எழுதினால் யாரும் படிப்பதில்லை. மாறியதை மட்டும் சிவப்பு எழுத்தில் ஒரு படமாகப் போடுங்கள். மாறாததை எதற்குத் திரும்பச் சொல்ல வேண்டும்? பழைய அட்டவணையைக் குழுவிலிருந்து நீக்கிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

அம்மா, எழுதுவதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். அந்த ஒன்பது பேரும் உங்கள் செய்தியை எப்போது படித்தார்கள்? கேட்டீர்களா?

வகுப்பாசிரியை

கேட்டேன், ஐயா. ஆறு பேர் வீட்டில் ஒரே கைபேசிதான், அதுவும் அப்பாவிடம் இருக்கிறது. அவர்கள் புதன்கிழமை காலையில்தான் படித்திருக்கிறார்கள். ஒருவனுக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் அனுப்பியிருக்கிறார். மற்ற இருவரும் அன்று இரவே படித்தவர்கள். எல்லாத் தேர்வும் ஒரு நாள் தள்ளிப்போகிறது, அறிவியல் வெள்ளிக்கிழமை என்று நினைத்திருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

கோளாறு அங்கேதான் இருக்கிறது. நீங்கள் செவ்வாய் இரவு எழுதிய "நாளை" புதன்கிழமை. அதையே புதன் காலையில் படிக்கிற பிள்ளைக்கு "நாளை" வியாழக்கிழமை. ஆகவே வியாழன் தேர்வு இல்லை என்று வீட்டிலிருந்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. எந்தப் பாடம் என்றும் நீங்கள் எழுதவில்லை. "கணிதம்" என்ற ஒரு சொல் இருந்திருந்தால் ஆறு பேரும் தப்பியிருப்பார்கள். அறிவிப்பில் நேற்று, இன்று, நாளை என்ற மூன்று சொற்களும் வரவே கூடாது. தேதி, கிழமை, பாடம் மூன்றும் சேர்ந்தே வர வேண்டும். தேதியில் கை தவறினாலும் கிழமை காட்டிக்கொடுத்துவிடும்.

"மற்ற தேர்வுகளில் மாற்றம் இல்லை" என்பது உண்மைதான். ஆனால் இன்று இரவு எந்தப் புத்தகத்தை எடுப்பது என்ற பிள்ளையின் கேள்விக்கு அதில் பதில் இல்லை. பழைய அட்டவணையைத் தேடிப் பிடித்து, மாறியதைக் கழித்துப் பார்க்கும் வேலையை அவன் தலையில் போடுகிறோம். அதனால்தான் கணினி ஆசிரியர் சொல்வதை நான் பாதிதான் ஏற்கிறேன். பழையதை நீக்குவது சரி. ஆனால் பிறருக்கு அனுப்பிவிட்ட படங்கள் அவரவர் கைபேசியில் இருக்கும். மாறாத தேர்வையும் தேதியோடு எழுதி, பக்கத்தில் "மாற்றமில்லை" என்று போட வேண்டும். சிவப்பு எழுத்தும் உதவாது. அறிவிப்புப் பலகைக்கு ஜெராக்ஸ் எடுத்தால் எல்லாம் கறுப்புதான்.

கல்லூரி மாணவியின் தாய்

என் மகளுக்கும் இதே குழப்பம்தான். பல்கலைக்கழகம் ஒரு தாளை மட்டும் தள்ளிவைத்திருக்கிறது. புதிய நுழைவுச்சீட்டு வாங்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

அது வேறு விஷயம், அம்மா. பல்கலைக்கழகத்தின் சுற்றறிக்கையில் நுழைவுச்சீட்டு பற்றியும் தேர்வு மையம் பற்றியும் ஏதாவது வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் நேரில் கேட்டுவிடுங்கள். ஊகத்தில் இருக்க வேண்டாம்.

ஆனால் உங்கள் கேள்வி டீச்சருக்கும் பயன்படும். தேதி மாறியதும் பிள்ளைகளுக்கு மற்ற எல்லாவற்றிலும் சந்தேகம் வந்துவிடும். அதே நேரமா, அதே அறையா? ஐந்து நாள் கூடுதலாகக் கிடைத்ததால் இன்னொரு பாடத்தையும் சேர்த்துவிட்டார்களா?

வகுப்பாசிரியை

இன்று மூன்று பேர் அதைத்தான் கேட்டார்கள், ஐயா! எழுதிப் பார்த்தேன், திருத்துங்கள்:

*பத்தாம் வகுப்பு – இரண்டாம் இடைத் தேர்வு – திருத்திய அட்டவணை*
*(13-ஆம் தேதி, வியாழன் மாலை 6.00 மணிக்கு வெளியிட்டது. இதற்கு முன் வந்த அட்டவணையைப் பார்க்க வேண்டாம்.)*

*14, வெள்ளி – சமூக அறிவியல் – மாற்றமில்லை*
*17, திங்கள் – கணிதம் – 12, புதன் அன்று நடக்காத தேர்வு*
*18, செவ்வாய் – அறிவியல் – 13, வியாழன் அன்று எழுதாதவர்களுக்கு மட்டும்*

*நேரம் காலை 10.00 முதல் 11.30 வரை. அறை, இருக்கை, பாடப்பகுதி, 50 மதிப்பெண் எதிலும் மாற்றமில்லை.*

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

நன்றாக இருக்கிறது. வெளியிட்ட நேரத்தைப் போட்டீர்களே, அது முக்கியம். இரண்டு படங்கள் கையில் இருந்தால் எது புதியது என்று அதுதான் சொல்லும். ஒன்று மட்டும் சேருங்கள். 18-ஆம் தேதி மற்ற 29 பேரும் என்ன செய்வார்கள்? "மற்றவர்களுக்கு வழக்கமான வகுப்பு உண்டு" என்று எழுதாவிட்டால் விடுமுறை என்று எடுத்துக்கொள்வார்கள்.

அனுப்பிய பிறகு "கிடைத்ததா?" என்று கேட்காதீர்கள். படிக்காமலே கைகூப்பி ஒரு படம் போடுவார்கள். "வெள்ளிக்கிழமை என்ன தேர்வு, திங்கட்கிழமை என்ன தேர்வு? பெயரோடு பதில் எழுதுங்கள்" என்று கேளுங்கள். ஆனால் குழுவில் முதல் பதிலைப் பார்த்து மற்றவர்கள் காப்பி அடிப்பார்கள். உங்களுக்குத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். இரவு 8 மணிக்குள் பதில் வராத வீடுகளுக்குப் போன் செய்யுங்கள்.

கணினி ஆசிரியர்

ஒப்புக்கொள்கிறேன், சிவப்பு பற்றி யோசிக்கவில்லை. படமாகப் போடுவதென்றால் முழு விவரமும் படத்துக்குள்ளேயே இருக்கட்டும். கீழே தனியாக எழுதும் வரி, படம் கை மாறும்போது விட்டுப்போகலாம். போட்டதும் அதைக் குழுவின் மேலே 7 நாளுக்குப் பொருத்தி வையுங்கள். 24 மணி நேரம் போதாது, செவ்வாய் வரை இருக்க வேண்டும்.

வகுப்பாசிரியை (வெள்ளி, மதியம் 12.15)

நேற்று இரவு 8 மணிக்குள் 26 பேர் சரியாகப் பதில் எழுதினார்கள். இரண்டு பேர் வெள்ளிக்கிழமை கணிதம் என்று எழுதியிருந்தார்கள். உடனே கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். மீதிப் பத்து வீடுகளில் ஒன்பது பேரைப் போனில் பிடித்தேன். ஒரு வீட்டில் கைபேசி அணைந்தே இருந்தது. அதே தெருவிலிருந்து வரும் பையனிடம் காலையில் அழைத்து வரச் சொல்லியிருந்தேன்; அழைத்து வந்துவிட்டான். இன்று 38 பேரும் எழுதினார்கள்.

இன்னும் ஒன்று தீரவில்லை. கணிதம் படித்துவிட்டு வந்து அறிவியல் எழுதிய அந்த நான்கு பேருக்கும் செவ்வாய்க்கிழமை வாய்ப்புத் தர வேண்டும் என்கிறேன். ஒருமுறை எழுதியவர்களுக்கு மறுபடி கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்கிறார் அறிவியல் ஆசிரியர்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

நானாக இருந்தால் கொடுப்பேன். தவறு அறிவிப்பில்தான் இருந்தது. ஆனால் முதலில் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அவர் சம்மதித்தால் 18-ஆம் தேதி வரியை மாற்றி, புதிய நேரம் போட்டு அட்டவணை முழுவதையும் மறுபடி அனுப்புங்கள். அந்த நான்கு பேரிடம் மட்டும் வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள்.