ஸ்பேஷியல் இண்டெக்ஸுக்குத் தமிழில் என்ன சொல்வது?

செல்வி:

வணக்கம். மளிகைச் சாமானை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் எங்கள் செயலிக்குத் தமிழில் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வாடிக்கையாளர் செயலியைத் திறந்ததும் அவருக்கு அருகில் உள்ள கடைகளைக் காட்டுவதுதான் அதன் முதல் வேலை. கடைகளின் இருப்பிடம் எல்லாம் போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்தில் இருக்கிறது. அங்கே இருப்பிடங்களை வேகமாகத் தேட உதவும் ஸ்பேஷியல் இண்டெக்ஸுக்கு "இடஞ்சார் சுட்டி" என்று போட்டு வைத்தேன். ஆனால் அதே கையேட்டில் மவுஸும் சுட்டி, இணைய இணைப்பும் சுட்டி. மூன்றாவதாக இதுவுமா? நல்ல சொல் ஒன்று சொல்லுங்கள்.

முருகையன்:

அன்புள்ள செல்வி, இண்டெக்ஸுக்குத் தமிழில் பழகிய சொல் ஏற்கெனவே இருக்கிறது. பழைய நூல்களைப் பதிப்பிக்கும்போது பின்னால் சேர்க்கும் சொற்பட்டியலைச் சொல்லடைவு என்கிறோம். அதே முறையில் இட அடைவு, சேர்த்து எழுதினால் இடவடைவு. சொல்லடைவில் சொற்கள் அகர வரிசையில் இருப்பதுபோல இதில் கடைகள் தொலைவு வரிசையில் இருக்கும். பொருத்தமாக இல்லையா?

ரஃபீக்:

ஐயா, இடவடைவு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த விளக்கம் கையேட்டுக்குள் போய்விடக் கூடாது. தொலைவு வரிசை என்றால் யாரிடமிருந்து தொலைவு? வாடிக்கையாளர் வருவதற்கு முன்பே இண்டெக்ஸைக் கட்டிவிடுகிறோம். அவர் அண்ணா நகரில் நிற்கிறாரா, திருநகரில் நிற்கிறாரா என்று அதற்குத் தெரியாது.

அது செய்வது வேறு. பக்கத்துப் பக்கத்துக் கடைகளை ஒரு செவ்வகக் கட்டத்துக்குள் அடைக்கிறது. அப்படிப்பட்ட சில கட்டங்களைச் சேர்த்து ஒரு பெரிய கட்டம், அவற்றைச் சேர்த்து இன்னும் பெரியது. 1984-இல் அந்தோனின் கட்மன் இந்த அமைப்பை விவரித்து ஆர்-மரம் என்று பெயர் வைத்தபோது, அந்த ஆர் என்ற எழுத்து செவ்வகத்தைத்தான் குறித்தது.

இதில் தேடுவது எப்படி? மிக அருகிலுள்ள 5 கடை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளரிடமிருந்து ஒவ்வொரு கட்டத்தின் விளிம்பும் எவ்வளவு தூரம் என்று பார்த்து, கிட்டே இருக்கும் கட்டத்தை முதலில் திறக்கிறோம். ஐந்து கடை கிடைத்துவிட்டது, ஐந்தாவது 800 மீட்டரில் இருக்கிறது. இன்னொரு கட்டத்தின் விளிம்பே 3 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், அதற்குள் ஆயிரம் கடை இருந்தாலும் ஒன்றைக்கூடப் பார்க்க வேண்டாம். மொத்தமாக ஒதுக்கிவிடலாம். இண்டெக்ஸின் பயன் முழுக்க இந்த ஒதுக்கலில்தான் இருக்கிறது.

முருகையன்:

நன்றி ரஃபீக். நான் புத்தகத்தையே மனத்தில் வைத்துக்கொண்டு பேசிவிட்டேன். அப்படியானால் ஆர்-மரத்தைக் கட்டமரம் என்று சொல்லலாமா? கட்டுமரத்தோடு குழம்பும் என்றால் செவ்வக மரம். அடைவு என்ற சொல் இப்போது இன்னும் பொருந்துகிறது: அடைத்து வைப்பது என்ற பொருளும் கேட்பவர் காதில் விழும்.

ஜெயராணி:

எங்கள் கடையிலும் இதே தொல்லைதான், அதனால் எழுதுகிறேன். வாடிக்கையாளர் செல்லூரில், ஆற்றங்கரை ஓரம். செயலி காட்டுவது நேர் எதிரே தென்கரையில் இருக்கும் எங்கள் கடையை. இடையில் வைகை. பையன் பாலத்தைச் சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் பால் பாக்கெட் சூடாகிவிடுகிறது. இந்த இடவடைவைப் போட்டால் இது சரியாகுமா?

ரஃபீக்:

ஆகாது அக்கா. இடவடைவு விடையை வேகமாகத் தரும். ஆற்றை அது அறியாது. அது பார்ப்பது நேர்த்தூரம், உங்களுக்கு வேண்டியது வழித்தூரம். நேர்த்தூரத்தில் 20 கடையைப் பொறுக்கிக்கொண்டு, அந்த இருபதுக்கு மட்டும் சாலை வழியே தூரம் கணக்கிடுவதுதான் நடைமுறை. செல்வி, கையேட்டில் வெறுமனே "தொலைவு" என்று எழுதாமல் இந்த இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.

செல்வி:

எழுதுகிறேன். இன்னொரு சிக்கல். எங்கள் பழைய வினவல் இது:

```sql
SELECT peyar FROM kadai
WHERE ST_Distance(idam,
  ST_MakePoint(78.12, 9.92)::geography) < 2000;
```

இண்டெக்ஸ் போட்ட பிறகும் இது மெதுவாகவே இருக்கிறது. `EXPLAIN` கொடுத்தால் `Seq Scan` என்று வருகிறது.

ரஃபீக்:

நீங்கள் கேட்டிருப்பது "ஒவ்வொரு கடைக்கும் தூரத்தைக் கணக்கிடு, பிறகு 2000-க்குக் குறைவா என்று பார்". அப்படிக் கேட்டால் எல்லாக் கடையையும் தொட்டே ஆக வேண்டும். இப்படிக் கேளுங்கள்:

```sql
SELECT peyar FROM kadai
WHERE ST_DWithin(idam,
  ST_MakePoint(78.12, 9.92)::geography, 2000)
ORDER BY idam <-> ST_MakePoint(78.12, 9.92)::geography
LIMIT 5;
```

`ST_DWithin` முதலில் கட்டங்களை வைத்து ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதற்கு மட்டும் தூரத்தை அளக்கும். `EXPLAIN` இப்போது இண்டெக்ஸின் பெயரைக் காட்ட வேண்டும். சோதனைக்காக 50 கடை மட்டும் வைத்திருந்தால் அப்போதும் `Seq Scan` வரலாம். அவ்வளவு சிறிய அட்டவணையை முழுதாகப் படிப்பதே மலிவு என்று தரவுத்தளம் முடிவு செய்திருக்கும், பயப்பட வேண்டாம்.

கலைச்சொல் பற்றி எனக்கு உள்ள பெரிய கவலை இங்கேதான். இந்த வினவலில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. 2 கிலோமீட்டருக்குள் யார் யார் என்பது ஒன்று. யார் எல்லோரையும்விட அருகில் என்பது மற்றொன்று. "அருகில் உள்ள கடைகள்" என்று தமிழில் சொன்னால் இரண்டும் ஒன்றாகிவிடும். வரம்பு மட்டும் வைத்தால் ஊருக்கு வெளியே இருப்பவருக்கு ஒரு கடையும் வராது. எண்ணிக்கை மட்டும் வைத்தால் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கடையும் "அருகில்" என்று வந்து நிற்கும்.

முருகையன்:

அப்படியானால் முதலாவது வரம்பு வினவல், இரண்டாவது அண்மை வினவல். அருகில் என்ற சொல்லைத் திரையில் வாடிக்கையாளர் படிக்கும் இடத்துக்கு விட்டுவிடலாம்.

கஜன், டொராண்டோ:

யாழ்ப்பாணத்தில் கிட்டடி என்போம். கிட்டடிக் கடை என்றால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அண்மையைவிட அது உயிருள்ள சொல், யோசித்துப் பாருங்கள்.

செல்வி, உங்கள் `idam` நெடுவரிசையின் வகை உருண்டைப் பூமியின் மேல் அளக்கும் geography-ஆ, தட்டையான தளத்தில் அளக்கும் geometry-ஆ? இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். எங்கள் கடைகளுக்கு ஒரு நிறுவனம் செய்து தந்த செயலி geometry வகையில் அகலாங்கு, நெட்டாங்கைப் பாகையாகவே வைத்திருந்தது. அதைத் தமிழ்நாட்டில் சோதித்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. இங்கே வந்ததும் வரிசை பிழைத்தது.

வாடிக்கையாளருக்கு வடக்கே 0.010 பாகையில் ஒரு கடை, கிழக்கே 0.012 பாகையில் ஒரு கடை என்று வையுங்கள். பாகைக் கணக்கில் வடக்குக் கடைதான் கிட்ட. மதுரையில் அது உண்மையும்கூட: வடக்கே ஏறக்குறைய 1.1 கிலோமீட்டர், கிழக்கே 1.3. ஆனால் டொராண்டோவில் ஒரு நெட்டாங்குப் பாகை சுமார் 80 கிலோமீட்டர்தான். கிழக்குக் கடை 0.97 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும், வடக்குக் கடை 1.1-இலேயே நிற்கும். ஆக உண்மையில் கிழக்குக் கடைதான் கிட்ட. பிழைச்செய்தி எதுவும் வராது, வரிசை மட்டும் தவறும்.

செல்வி:

geography-தான், இப்போதே பார்த்துவிட்டேன். அதில் 2000 என்றால் மீட்டர், பாகையாகவே வைத்த geometry-யில் அதே 2000 பாகையாகிவிடும் என்பதையும் கையேட்டில் சேர்க்கிறேன். எங்கள் குழுவில் ஒருவர் `ST_MakePoint`-இல் அகலாங்கை முதலில் கொடுத்துவிட்டார். மதுரை வாடிக்கையாளர் ஸ்வால்பார்டுக்குப் பக்கத்துக் கடலில் போய் நின்றார், எல்லாக் கடையும் 8000 கிலோமீட்டருக்கு அப்பால் என்று வந்தது. அது எவ்வளவோ மேல், பார்த்ததும் தெரிந்துவிட்டது.

இடவடைவு, வரம்பு வினவல், நேர்த்தூரம், வழித்தூரம் என்று எழுதப் போகிறேன். அண்மை வினவலா, கிட்டடி வினவலா என்பதில் இன்னும் மனம் நிலைக்கவில்லை.

முருகையன்:

கிட்டடி எனக்கும் பிடிக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் படிப்பவர்களுக்கு அது புதுச்சொல். மேலும் அங்கே "கிட்டடியில் நடந்தது" என்று காலத்துக்கும் சொல்வார்கள் அல்லவா, கஜன்?

கஜன்:

சொல்வோம். ஆனால் அண்மையில் நடந்தது என்று நீங்களும் காலத்துக்குத்தானே சொல்கிறீர்கள் ஐயா?